அந்த எழுத்தை யார் படிக்கப் போடுறீங்க?

நெட்டுவாக்குல குட்டி வீடியோ போடுற எல்லாருக்கும் ஒரே கேள்விதான். திரை மேல எழுத்து வைக்கிறீங்களே, அது யாருக்கு? சத்தத்தோட பார்க்கிறவருக்கு அது அவசியமே இல்ல, நீங்க பேசுறது அவர் காதுல விழுது. சத்தத்தை அணைச்சுட்டு கட்டைவிரலால தள்ளிக்கிட்டே வர்றவருக்குத்தான் அந்த எழுத்து. ஆனா அவரை மனசுல வச்சு ஒரு வரியாவது வைக்கிறீங்களான்னா, கிடையாது. அலங்காரத்துக்கு வைக்கிறீங்க. படிக்க வந்தவர் பாதியிலயே போயிடுறார், இல்லன்னா தப்பா புரிஞ்சுக்கிட்டுப் போறார்.

வாயால சொல்லி நிறுத்தாம ஒண்ணைப் பிரிச்சே பார்ப்போம். சொட்டுற குழாய்க்கு வாஷர் மாத்துற வீடியோ. இந்த ரகத்துல எதைத் திறந்தாலும் முதல் 2 விநாடிக்கு இப்படி ஒரு வாசகம் நிக்கும்: "உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறதா? கவலை வேண்டாம், இந்த எளிய வழியைப் பின்பற்றுங்கள்!" மொத்தம் 12 சொல். நிதானமா வாய்விட்டுப் படிச்சா ஏறக்குறைய 6 விநாடி ஆகும். நீங்க குடுக்கிறது 2. அதுலயும் முதல் அரை விநாடி எழுத்து மங்கலா எழும்பி வருது, கடைசி அரை விநாடி கரைஞ்சு போகுது. மிச்சம் 1 விநாடியில 12 சொல்லை யார் படிப்பாங்க?

இதை விடக் கொடுமை அடுத்தது. "மெயின் வால்வை மூடிட்டு ஆரம்பிங்க"ன்னு குரல்ல மட்டும் சொல்லிட்டுப் போயிடுறீங்க. அந்த நேரம் திரையில இருக்கிறது ஒரு சிரிப்பு எமோஜியும் "சூப்பர் டிப்ஸ்"ங்கிற சொல்லும். சத்தமில்லாம பார்த்தவர் ஸ்பானரை எடுத்து நேரா நட்டைக் கழட்டுவார், தண்ணி முகத்துல பீச்சி அடிக்கும். எதைச் சொல்லாம விட்டா வேலை கெடுமோ, அது எழுத்துல இருந்தே ஆகணும். பேச்சுல இருக்கிற வரவேற்பு, உற்சாகம், "வாங்க பார்க்கலாம்" எதுவும் எழுத்துல வேண்டாம். சத்தத்தை அணைச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எழுத்தையும் படத்தையும் மட்டும் வச்சு அந்த வேலையைச் செஞ்சு முடிக்க முடியலன்னா, எழுத்து தன் வேலையைச் செய்யலன்னு அர்த்தம்.

நேரக்கணக்குல எல்லாரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. படிக்கிற நேரத்தை மட்டும் கணக்கு போடுறீங்க, பார்க்கிற நேரத்தை மறந்துடுறீங்க. கண்ணு ஒண்ணு எழுத்துல, ஒண்ணு கை வேலையிலன்னு பிரிஞ்சு போகாது. முதல்ல எழுத்தைப் படிக்கும், அப்புறம்தான் படத்துக்கு இறங்கும். குழாய்க்குள்ள சுத்துற தண்டு, அதான் ஸ்பிண்டில், எந்தப் பக்கம் சுத்துதுன்னு காட்டுற அதே 2 விநாடியில 6 சொல் வாசகத்தையும் வச்சா, ரெண்டுல ஒண்ணு போச்சு. தமிழுக்கு விநாடிக்கு 2 சொல்னு கணக்கு வச்சுக்கோங்க, "கழட்டிக்கிட்டிருக்கும்போது" மாதிரி நீளமான சொல் வந்தா அதை 2 சொல்லாவே எண்ணுங்க. அதோட மேல 1 விநாடி, கண்ணு படத்துக்குத் திரும்ப. ஆங்கில வீடியோவுக்குச் சொல்ற சொல்கணக்கை அப்படியே எடுத்துப் போடாதீங்க. நம்ம சொல் ஒண்ணுக்குள்ள வேற்றுமை, காலம், ஆளு எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும்.

இப்போ அந்தக் குழாய் வீடியோவையே திருப்பி அடுக்குறேன். மொத்தம் 21.5 விநாடி. முதல் ஷாட், சொட்டுற குழாய் கிட்டத்துல: "குழாய் சொட்டுதா? வாஷர் மாத்துங்க". 4 சொல், 3 விநாடி, முதல் பிரேம்லயே முழு எழுத்தும் நிக்கணும், மங்கல் எழும்பல் எதுவும் கூடாது. அடுத்த 3.5 விநாடிக்கு "சுத்திச் சுத்தித் திறக்கிற குழாய்க்கு மட்டும்". இதை விட்டீங்கன்னா கால் சுத்துல திறக்கிற செராமிக் கார்ட்ரிட்ஜ் குழாய் வச்சிருக்கிறவர் அதைக் கழட்டிப் போட்டு, இல்லாத வாஷரைத் தேடிக்கிட்டு இருப்பார். மூணாவது ஷாட், 3 விநாடி: "முதல்ல மெயின் வால்வை மூடுங்க". அப்புறம் 3 விநாடி "குழாயைத் திறந்து தண்ணியை வடியவிடுங்க". நட்டைக் கழட்டுற ஷாட்டுக்கு 4 விநாடி குடுங்க, அதுல முதல் ரெண்டுக்கு மட்டும் "இடப்பக்கம் சுத்திக் கழட்டுங்க", மீதி ரெண்டு விநாடி திரை காலியா இருக்கட்டும். கை எப்படிச் சுத்துதுன்னு அவர் பார்க்கட்டும், அதுக்குத்தானே வந்தார்! ஸ்பிண்டில் அடியில இருக்கிற பழைய வாஷரை எடுத்துப் புதுசோட பக்கத்துல வச்சுக் காட்டி 3 விநாடி, "அதே அளவு புது வாஷர்". கடைசி 2 விநாடி "மாட்டிட்டு வால்வை மெல்லத் திறங்க". 4 சொல்லுக்கு 2 விநாடி இறுக்கம்தான், ஆனா அங்க படத்துல தனியா பார்க்க வேண்டியது எதுவும் இல்ல, அதனால தாங்கும்.

அடுத்து, ஒரு சொல் ஒரு சொல்லா பளிச்சுன்னு வந்து போற ஸ்டைல். எங்க பார்த்தாலும் இதுதான். தமிழ்ல இது அர்த்தத்தையே கவுத்துடும்னு ஏன் யாருக்கும் உறைக்க மாட்டேங்குது? நம்ம வாக்கியத்துல வினை கடைசியில, மறுப்பும் கடைசியில. "வால்வை மூடாம நட்டைக் கழட்டக் கூடாது"ன்னு சொல்ல வர்றீங்க. திரையில "வால்வை", "மூடாம", "நட்டைக்", "கழட்டக்" வரைக்கும் வந்தாச்சு, அதுக்குள்ள அவர் தள்ளிட்டுப் போயிட்டார். அவர் மனசுல நின்னது மூடாம கழட்டுறது. ஒரு கருத்து முழுசா ஒரே தடவை திரையில நிக்கணும், மறுப்பு இருக்கிற வாக்கியம்னா கட்டாயமா. ரெண்டு வரியா உடைக்கணும்னாலும் பொருள் ஒட்டுற இடத்தைப் பார்த்து உடைங்க. "முதல்ல" மேல, "மெயின் வால்வை மூடுங்க" கீழன்னா ஒரு பார்வையில ஏறும். "முதல்ல மெயின்" மேல, "வால்வை மூடுங்க" கீழன்னு ஆப் தானா உடைச்சதை அப்படியே விட்டா, மெயின் தனியா தொங்கும். முடிஞ்சா மறுப்பையே தூக்கிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லிடுங்க. "மூடிட்டுக் கழட்டுங்க"ன்னா வேலை முடிஞ்சுது.

தட்டச்சு எபெக்ட் போடுறவங்களுக்குத் தனியா சொல்லணும். எழுத்து ஒவ்வொண்ணா விழுறது ஆங்கிலத்துக்கு ஓடும். நம்ம எழுத்துல உயிர்மெய் ஒண்ணே ரெண்டு குறியீடா உள்ள இருக்கு. அதனால "சொட்டுது"ங்கிற நாலு எழுத்து, திரையில எட்டு படியா இப்படி வரும்: ச, சொ, சொட, சொட், சொட்ட, சொட்டு, சொட்டுத, சொட்டுது. நடுவுல வர்ற "சொட", "சொட்ட" எல்லாம் வேற வேற சொல் மாதிரி மினுக்கிட்டுப் போகும், கொம்பு திடீர்னு முன்னாடி முளைக்கிறதால எழுத்து வலப்பக்கம் குதிக்கும். சில ஆப்ல கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு, புள்ளிவட்டத்தோட தனியா நிக்கும். எழுத்து இடைவெளியை இழுத்துக் கூட்டினாலும் இதே கதிதான், புள்ளி ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். அனிமேஷன் வேணும்னா சொல் சொல்லாவோ வரி வரியாவோ எடுங்க, எழுத்து இடைவெளி பூஜ்யத்துலயே இருக்கட்டும். வரி இடைவெளியை மட்டும் எழுத்தளவுக்கு 1.3, 1.4 மடங்குன்னு தாராளமா விடுங்க. மேல் வரியோட "கூ" வாலும் கீழ் வரியோட "கீ" சுழியும் அப்பதான் மோதாது, பின்னால போடுற கறுப்புப் பட்டையும் புள்ளியைச் சீவாது.

இவ்வளவும் சரியா செஞ்சுட்டு, கொண்டுபோய் எங்க வைக்கிறீங்க? திரையோட அடியில. சினிமா சப்டைட்டில் அங்க இருக்குன்னு பழக்கம். இந்த வீடியோவுல அடிப்பகுதி உங்களுக்குச் சொந்தமே இல்ல. கணக்குப் பேர், விளக்கம், பாட்டுப் பேர் எல்லாம் அங்கதான் உட்காரும், வலப்பக்கம் லைக், கமெண்ட், ஷேர் பட்டன் வரிசை. ரீல்ஸ் விளம்பரத்துக்கு மெட்டா சொல்ற அளவே மேல 14 சதவீதம், கீழ 35 சதவீதம், ரெண்டு பக்கமும் 6 சதவீதம் எழுத்தில்லாம விடணும்னுதான். 1080க்கு 1920 திரையில கணக்கு போட்டா மேல சுமார் 270, கீழ சுமார் 670, பக்கத்துக்கு 65 பிக்சல் போச்சு. உங்களுக்கு மிஞ்சுறது நடுவுல 980 பிக்சல் உயரம் மட்டும். விளம்பரம் இல்லாத சாதா வீடியோவுக்கும் இந்த அளவை வச்சுக்கிட்டா எந்த ஆப்லயும் பெருசா மாட்ட மாட்டீங்க. அந்த நடுப்பகுதியோட மேல்பாதியில எழுத்து, கீழ்பாதியில கை வேலை. இதுக்கு ஷூட் பண்ணும்போதே மேல கொஞ்சம் காலி இடம் விட்டுப் பிரேம் வைக்கணும். எடிட்டிங்ல வந்து இடம் தேடினா குழாய் மேலயேதான் எழுத்து விழும்.

நிறத்துக்கு ரொம்பப் பேச வேண்டியதில்ல. பளபளக்கிற குரோம் குழாய் மேல வெள்ளை எழுத்து தெரியாது, நிழல் போட்டாலும் தெரியாது. அடர்த்தியான கறுப்புப் பட்டை, மேல வெள்ளை எழுத்து. வேற யோசனையே வேண்டாம். எழுத்தைச் சுத்தித் தடிச்ச பார்டர் வைக்காதீங்க, "ண"வோட சுழிக்குள்ள பார்டர் நிறைஞ்சு "ன"வா "ண"வான்னே தெரியாம போயிடும்.

கம்ப்யூட்டர் திரையில பெருசா பார்த்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு ஏத்திடாதீங்க. போனுக்கு அனுப்பி, வெளிச்சத்தைக் குறைச்சு, கை நீட்டுற தூரத்துல வச்சு, சத்தமில்லாம ஓட்டுங்க. அதையும் நீங்க பார்த்தா பத்தாது, எழுதின உங்களுக்கு வாசகம் மனப்பாடம், அரை விநாடியில கூடப் படிச்ச மாதிரிதான் தோணும். இதுவரைக்கும் பார்க்காத ஒருத்தர் கையில குடுத்து, ஒரே தடவை ஓடவிட்டு, முதல்ல என்ன செய்யணும்னு கேளுங்க. "வால்வை மூடணும்"னு பதில் வரலன்னா எழுத்தைச் சின்னதாக்கி இன்னும் நாலு சொல் திணிக்காதீங்க. சொல்லைக் குறைங்க, இல்லன்னா அந்த ஷாட்டை 1 விநாடி நீட்டுங்க.