ஒரே கடைக்கு எதற்கய்யா ஐந்து பெயர்?

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் எனக்கு, வரி விகிதம் மாறுவதும் கடைசி நாளன்று இணையதளம் முடங்குவதும் தராத எரிச்சலை, ஒரே கடைக்கு இடத்துக்கு ஒன்றாக முதலாளிகள் வைத்திருக்கும் பெயர்கள் தருகின்றன.

ஒரு பாத்திர மொத்த வியாபாரியின் கதையைக் கேளுங்கள் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). கடைப் பலகையிலும் ஜிஎஸ்டி சான்றிதழிலும் உள்ள வணிகப் பெயர் Sri Velan Metals. 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே பழைய உரிமத்தைக் காட்டித் தொடங்கிய வங்கி நடப்புக் கணக்கில் அது Shree Velan Metal Mart. அச்சகத்துக்காரர் அழகாக இருக்கட்டும் என்று சுருக்கிய பில்லில் SVM Steels. மின்னஞ்சல் முகவரி, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு பையனின் பெயரில். கூகுள் மேப்ஸில் Velan Best Wholesale Vessels.

ஒரு விடுதிக்குச் சரக்கு போனது. அவர்கள் பில்லைப் பார்த்து SVM Steels என்று காசோலை எழுதிவிட்டார்கள். வங்கி வாங்க மறுத்தது. "இருபது வருஷமா என்னைத் தெரியாதா?" என்று முதலாளி கவுண்டரில் சத்தம் போட்டாராம். தெரியும்தான். ஆனால் வேறொரு பெயருக்கு எழுதிய காசோலையை இந்தக் கணக்கில் வசூலித்துக் கொடுத்து, பின்னால் உண்மையான உரிமையாளர் என்று ஒருவர் வந்து நின்றால், கவனக்குறைவு இல்லாமல் வசூலித்த வங்கிக்கு மட்டும்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. கவுண்டரில் இருப்பவர் தன் வேலையைப் பணயம் வைத்து இவருக்கு ஏன் உதவ வேண்டும்?

சரி, நேரடியாகக் கணக்கில் போடுங்கள் என்று கணக்கு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பினார், அந்தப் பழைய பையனின் முகவரியிலிருந்தே! விடுதியின் கணக்காளர் எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் உள்ளிட்டபோது, பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி Shree Velan Metal Mart என்று காட்டியது. பில்லில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், கடிதம் வந்ததோ யாரோ ஒருவரிடமிருந்து. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி இப்படித்தான் தோற்றம் தரும் என்பதால், அவர் பணத்தை நிறுத்தி வைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

இவ்வளவுக்கும் பிறகு முதலாளி சொல்லும் பதில்தான் என் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது: "ஜிஎஸ்டி நம்பர் சரியாத்தானே இருக்கு? அக்கவுண்ட் நம்பர் சரியாத்தானே இருக்கு?" உண்மைதான். வாங்குபவருக்கான உள்ளீட்டு வரி வரவு, ஜிஎஸ்டி எண்ணை வைத்தே பொருந்துகிறது. நெஃப்ட் பணமும் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. ஆனால் அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவது எண்ணா, மனிதனா? 2025 ஏப்ரலுக்குள் எல்லா வங்கிகளும் நெஃப்டுக்கும் ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் பெயர் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்ட பிறகு, அதுவரை மறைந்து கிடந்த இந்தக் குளறுபடி எல்லார் கண்ணிலும் படத் தொடங்கிவிட்டது.

நான் சொல்வது பெரிய வேலையே அல்ல. ஜிஎஸ்டி தளத்தில் யாரும் எண்ணைப் போட்டுத் தேடலாம். அங்கே சட்டப் பெயராக முதலாளியின் பான் அட்டைப் பெயரும், அருகில் வணிகப் பெயரும் தெரியும். வாங்குபவர் சரிபார்க்கப் போவது அங்கேதான் என்பதால், அந்த வணிகப் பெயரையே எழுத்துக்கு எழுத்து மூலப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழையும் பெயர் மாற்றக் கடிதத்தையும் கொண்டுபோய் முதலில் வங்கியில் மாற்ற வேண்டும். மாற்றும் முன், கையில் உள்ள பழைய பெயர்க் காசோலைகள் வசூலாகும் வரை காத்திருப்பது நல்லது. பிறகு பில்லின் தலைப்பில் அதே பெயரும், கீழே சிறிதாக உரிமையாளர் பெயரும் வர வேண்டும். மின்னஞ்சலைக் கடைப் பெயருக்கு மாற்றினாலும் பழைய முகவரியை மூடாமல், வருவதெல்லாம் புதியதற்கு வந்து சேரும்படி வைக்க வேண்டும்.

மேப்ஸ் பட்டியலில் Best, Wholesale என்று ஒட்டுப்போட்டால் வாடிக்கையாளர் குவிவார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பலகையில் உள்ள பெயர்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பட்டியலே முடக்கப்படலாம். மீட்கப் போகும்போது கேட்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பலகையின் படம்தான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போனால், மருமகன் புதிதாக அடித்துத் தந்த விசிட்டிங் கார்டு மேசையில் கிடக்கிறது: Velan Kitchen World. கேட்டால், "மாடர்னா இருக்குல்ல சார்?" என்கிறார்.