நாமினி மட்டும் போதாது
“மனைவியை நாமினியாகக் குறிப்பிட்டுவிட்டாலே காப்பீட்டுத் தொகை கடன்காரர்களிடமிருந்து பாதுகாக்கப்பட்டுவிடும்” – இது சரியல்ல. நாமினி இருந்தாலும் பாலிசி கணவரின் சொத்தாகவே இருக்கிறது; நாமினியை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பாலிசியையும் அடமானம் வைக்கலாம். ஒரு வியாபாரி 50 லட்சம் ரூபாய் பாலிசியைத் தொழில்கடனுக்காக வங்கிக்கு எழுதிக்கொடுத்து, 30 லட்சம் நிலுவையில் இருக்கும்போது இறந்தால், வங்கி தன் 30 லட்சத்தை எடுத்துக்கொண்ட பிறகே மீதி 20 லட்சம் மனைவிக்குக் கிடைக்கும். அதே பாலிசியை 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்கீழ், மனைவி, பிள்ளைகளின் நலனுக்கானது என்று பாலிசியிலேயே குறிப்பிட்டு எடுத்திருந்தால், அது அவர்களுக்கான அறக்கட்டளையாகக் கருதப்படும். பயனாளிகளில் ஒருவருக்கேனும் அதில் உரிமை எஞ்சியிருக்கும்வரை கணவரோ அவருடைய கடன்காரர்களோ அதில் கைவைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே அதற்கான தனிப்படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். ஏற்கெனவே நடப்பிலுள்ள பாலிசியைப் பின்னர் இந்தச் சட்டத்தின்கீழ் கொண்டுவர இயலாது என்பதைப் பல முகவர்கள் சொல்வதேயில்லை, அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கணவர் தன் அவசரத்துக்காக இதை அடமானம் வைக்கவோ, சரண்டர் செய்து பணத்தைத் தானே எடுத்துக்கொள்ளவோ முடியாது என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்ததாக நிரூபிக்கப்பட்டால், அந்தத் தொகையிலிருந்து கடனைப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. தொழில்கடனில் மனைவியும் இணைக்கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால், அவர் கைக்கு வந்த பணத்தை அவருடைய சொந்தப் பொறுப்பின் பேரில் வங்கி கோரலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.