யானைக் கதைக்குப் பதிலாக ஒரு பொற்குடம்

எந்தப் பொருளுக்கும் பல பக்கங்கள் உண்டு என்கிற சமணக் கொள்கை அனேகாந்தவாதம். அதைப் பற்றிப் பேச்செடுத்ததும் எல்லோரும் சொல்வது பார்வையற்றவர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையைத்தான். சகிப்புத்தன்மை பாடத்துக்கு நானும் பல வருடம் அதையே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். அந்தக் கதையைக் கேட்கிற பிள்ளை தன்னைத் தடவிப் பார்க்கிற ஆளாக நினைப்பதே இல்லை. தள்ளி நின்று முழு யானையையும் பார்க்கிற ஆளாகத்தான் நினைக்கிறது. "பாவம், அவங்களுக்குத் தெரியல" என்ற இரக்கம் வருகிறது. தன் பேச்சின் மேல் ஒரு சந்தேகமும் வருவதில்லை.

இப்போது நான் சொல்வது சமணத் தத்துவ ஆசிரியர் சமந்தபத்திரர் 'ஆப்தமீமாம்சை' என்ற நூலில் தரும் உதாரணம். அவரைக் காஞ்சியோடு சேர்த்துப் பேசும் மரபு சமணர்களிடம் உண்டு. ஒரு பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டும் என்றிருந்தவர் அழுகிறார். மகுடம் கேட்டவர் மகிழ்கிறார். பொன் மட்டும் போதும் என்றவருக்கு அழுகையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. ஒரே நிகழ்ச்சியில் ஒன்று அழிந்தது, ஒன்று பிறந்தது, ஒன்று அப்படியே நிலைத்தது. மூன்றும் உண்மை. இங்கே யாருக்கும் பார்வைக் குறை இல்லை.

"இதில் யார் சொல்வது தப்பு?" என்று கேட்பேன். பெரும்பாலும் பொன் கேட்டவர்தான் ஞானி என்று பதில் வரும். அப்போது நான் திருப்பிக் கேட்பேன்: ஒன்றுமே மாறவில்லை என்கிறாரே, அந்த மகுடத்தில் தண்ணீர் எடுத்துவர முடியுமா? அவர் பார்ப்பதும் ஒரு பக்கம்தான். சமணம் குறை சொல்வது ஒரு பக்கத்தைப் பார்ப்பதை அல்ல, மற்ற பக்கங்களே கிடையாது என்று அடித்துப் பேசுவதை. அதற்கு ஏகாந்தம் என்று பெயர்.

இதைப் பேச்சில் கொண்டுவரும் கருவி 'ஸ்யாத்' என்ற ஒரு சொல். பலர் இதற்கு 'ஒருவேளை' என்று பொருள் சொல்கிறார்கள். அந்த ஒரு பிழையால் மொத்தத் தத்துவமும் வழவழா கொழகொழா என்று ஆகிவிடுகிறது. அதன் பொருள் 'ஒரு வகையில்'. எந்த வகையில் என்பதற்கு நான்கு கேள்விகள் உண்டு: எந்தப் பொருள், எந்த இடம், எந்தக் காலம், எந்த நிலை. மண்குடம் மண்குடமாக, இந்த வீட்டில், இன்று, இந்த வடிவில் இருக்கிறது. பொற்குடமாக அது இல்லை. அந்த வரம்புக்குள் சொல்லும்போது 'இருக்கவே இருக்கிறது' என்று உறுதியாகவே சொல்லலாம்.

சென்ற வருடம் பத்தாம் வகுப்பில் கோயில் திருவிழா ஒலிபெருக்கி பற்றிச் சண்டை வந்தது. "அது தொல்லை" என்றான் ஒருவன். "உனக்கு சாமி பிடிக்காது" என்றான் இன்னொருவன். இரண்டு பேரையும் நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதச் சொன்னேன். முதல் பையன் எழுதியது: "கூம்பு ஒலிபெருக்கி, எங்கள் தெருமுனையில், தேர்வுக்கு முந்தைய இரவுகளில், நான் படிக்கும்போது தொல்லை." இரண்டாமவனுடைய அப்பா மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவன் எழுதியது: "பெட்டி ஸ்பீக்கர், கோயில் வாசலில், சாயங்காலத்தில், எங்கள் வீட்டுக்கு வருமானம்." இரண்டு வாக்கியமும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை. அவர்களுக்குள் மோதல் மிஞ்சியது சில இரவுகளைப் பற்றி மட்டும்தான். அதைப் பேசித் தீர்க்க முடிந்தது.

அப்புறம் ஒருவன் "போன வருஷம் ரெண்டு ராத்திரிதான் போட்டாங்க" என்றான். நான்கு இரவு போட்டது எல்லோருக்கும் தெரியும். "அது என் கோணம் சார்" என்றான். இல்லை, எண்ணிக்கைக்குக் கோணம் கிடையாது. 'ஸ்யாத்' சேர்த்துப் பேசும் முறைக்கு ஸ்யாத்வாதம் என்று பெயர். அதன் ஏழு கூற்றுகளில் இரண்டாவதே 'ஒரு வகையில் இல்லை' என்பதுதான். மறுப்பதற்கு அதில் இடம் உண்டு.

அனேகாந்தம் என்றால் எல்லா மதமும் ஒன்று என்று மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்ச் சமணக் காப்பியமான நீலகேசியைப் பாருங்கள். அதன் நாயகி நீலகேசி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் என ஒவ்வொருவரிடமும் போய் வாதாடுகிறாள். விட்டுக்கொடுப்பதே இல்லை. அந்தக் காலத்துச் சமணர்களுக்கு இது பிறர் வாதத்தின் ஓட்டையைக் காட்டும் ஆயுதமாகவும் இருந்தது. இதை 'அறிவின் அகிம்சை' என்று வாசிப்பது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் பரவியது. அந்த வாசிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் பழசிலேயே அப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். எதிராளியைத் தேடிப் போய், அவர் சொல்வதை முழுக்கக் கேட்டு, பிறகு மறுக்கும் நீலகேசியையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த இரண்டு பையன்களும் இன்னும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். போன வாரம் கிரிக்கெட் பற்றி ஏதோ தகராறு. ஒருவன் கத்தினான்: "எந்த மேட்ச், எந்த கிரவுண்டுன்னு முதல்ல சொல்லுடா!"