வாரண்டிக்காரனைத் திட்டுகிறவர்களுக்கு

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். மச்சினன் கார் வெள்ளத்தில் மூழ்கியதையும், அதற்கு வாரண்டியில் எதுவும் கிடையாது என்று கம்பெனி மறுத்ததையும் பற்றி நான் போட்ட பதிவின் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் வாங்கிட்டு இப்போ கையை விரிக்கிறான், ஊரை ஏமாத்துறான்" என்று நாற்பது பேர். வாரண்டி மறுத்தது சரிதான் என்று நான் ஒரு வரி சொன்னதற்கு, "அண்ணாச்சி எந்தக் கம்பெனி ஏஜெண்ட்?" என்று கேள்வி. நல்லது.

திரும்பவும் சொல்கிறேன். வாரண்டி என்பது வண்டிக்குள்ளேயே ஒரு பாகம் தானாகக் கெட்டால் மாற்றித் தருவது. வெளியிலிருந்து வெள்ளமோ லாரியோ திருடனோ வந்து செய்யும் சேதத்துக்கு இன்சூரன்ஸ். ஐந்து வருடத்துக்கு நீட்டினாலும் வாரண்டி வாரண்டிதான். நாள்தான் கூடுமே தவிர, வெள்ளம் அதற்குள் வராது.

"அவனிடம்தான் மூணு வருஷ இன்சூரன்ஸும் இருக்கே?" என்று கேட்டவர்களே, அந்தக் காகிதத்தைப் படித்தீர்களா? 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அது நம் வண்டி அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு. நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்கு மட்டும்தான் சேர்ந்து வரும். ஷோரூமில் இதை '1+3' என்பார்கள். மச்சினன் மூன்றைப் பார்த்தான், ஒன்றைப் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் ஓன் டேமேஜைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டான். வண்டி மூழ்கிய அன்று அவன் கையில் இருந்தது எதிராளிக்கான பாலிசி மட்டும்.

"இதையெல்லாம் படிக்க யாருக்கு நேரம் இருக்கு?" என்று ஒரு நண்பர். இருட்டுக்கடை வரிசையில் நிற்க நேரம் இருக்கிறது அல்லவா?

எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊரில் யார் மறப்பார்? தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள் புகுந்த அந்த இரண்டு நாள் என் கார் மீனாட்சிபுரத்தில் ஒரு சந்தில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக நான் செய்த முட்டாள்தனம், சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. அமுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்தது. மெக்கானிக் டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது.

மொத்த பில் 2,10,000. அதில் இன்ஜின் மட்டும் 1,35,000. என்னிடம் ஓன் டேமேஜ் இருந்தது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லை. தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால், ராடு வளைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் என்று இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதினார். இன்ஜினுக்கு ஒரு பைசா இல்லை. மீதி 75,000ல் தேய்மானம் என்று சுமார் 12,000 பிடித்தார்கள். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதி விலைதான் தருவார்கள். எப்படியும் நம் கையிலிருந்து போக வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வந்தது 62,000. அந்தக் கூடுதல் கவருக்கு 2,000க்குள்தான் கேட்டார்கள், வேண்டாம் என்றவன் நான்தான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதனால்தான் மச்சினனிடம் போனில் கத்தினேன்: "ஸ்டார்ட் பண்ணாதல, பேட்டரி வயரைக் கழட்டு, போட்டோ எடு, டோ பண்ணி கொண்டு போ." அதற்குள் ஸ்டார்ட் செய்துவிட்டான்.

சரி, நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்கிறீர்களே. போன வருடம் சித்திரை வெயிலில் அதே காரின் ஏசி கம்ப்ரசர் போனது. 28,000 ஆகும் என்றார்கள். அப்போது இன்சூரன்ஸிடம் போனால் சிரிப்பான், ஏனென்றால் யாரும் இடிக்கவில்லை, எதுவும் மூழ்கவில்லை. கொடுத்தது எக்ஸ்டெண்டட் வாரண்டிதான். கேஸ் நிரப்பிய காசு மட்டும் என்னுடையது. சர்வீஸ் எல்லாம் தேதி தவறாமல் கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்த பில் என்னிடம் இருந்தது. பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவன் பட்டறை வைத்திருக்கிறான், பாதி விலைக்குச் செய்வான். அவனிடம் விட்டிருந்தால் அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுத்திருப்பார்கள். அவனுக்கு இன்னும் என் மேல் கோபம். பிரேக் பேட், கிளட்ச் மாதிரித் தேயும் சாமான்களுக்கு அப்போதும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. விற்கும்போது "எதுன்னாலும் நாங்க பாத்துக்கிடுவோம் சார்" என்று சொன்ன அந்த ஷோரூம் பையன் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் சொந்த அக்கா புருஷன் சொன்னதைக் கேட்காமல், அந்தப் பையன் சொன்னதைக் கேட்டவனை என்ன சொல்ல? போன வருடமே "ஓன் டேமேஜைப் புதுப்பி மாப்ள" என்று இரண்டு தடவை மெசேஜ் போட்டேன். இரண்டுக்கும் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனான்.

இன்று காலை வீட்டில் மனைவி, அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள், தம்பி வருத்தப்படுகிறான் என்றாள். எடுக்க மாட்டேன். வண்டி இன்னும் சர்வீஸ் சென்டரில்தான் நிற்கிறது. அவன் கேட்டால் பணத்தில் பாதி நான் தருகிறேன், பதிவு இருக்கட்டும்.