தீர்மானத்தில் ‘திறக்க’ மட்டும் போதாது

“கம்பெனி பேர்ல வங்கிக் கணக்கு திறக்க ஓர் இயக்குநருக்கு அதிகாரம்னு இயக்குநர் குழு தீர்மானம் போட்டாலே போதும், செக்கில் கையெழுத்து போடுறதும் அதிலேயே வந்துடும்.”

வராது. திறப்பது ஓர் அதிகாரம், இயக்குவது வேறோர் அதிகாரம். தீர்மானத்தில் வங்கி, கிளை, கணக்கு வகை, அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இயக்குநரின் பெயர் இருக்கட்டும். அதோடு இப்படி எழுதுங்கள்: “காசோலைகளில் தனியாகக் கையெழுத்திடவும், இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்தவும், கணக்கை இயக்கவும் அதிகாரம் அளிக்கப்படுகிறது.” ‘தனியாக’ என்பதா ‘கூட்டாக’ என்பதா என்று சொல்லாமல் விட்டால் வங்கி பெரும்பாலும் திருப்பி அனுப்பும்.

தீர்மானத்துக்கு வங்கி தரும் மாதிரிப் படிவமே போதும் என்று சொல்வதும் பாதிதான் சரி. பல படிவங்களில் கடன், ஓவர்டிராஃப்ட் வாங்கும் அதிகாரமும் சேர்ந்தே வரும். குழு அதைத் தர நினைக்காவிட்டால் அந்த வரியை நீக்கிவிட்டே நிறைவேற்றுங்கள். தீர்மானத்தின் சான்றிட்ட நகலில் அதிகாரம் பெற்றவரே கையெழுத்திடாமல், இன்னொரு இயக்குநரோ செயலாளரோ இடுவது நல்லது.