மனித மாதத்துக்கு விலை இருக்கிறது, மலை ஏறுவதற்கு இல்லை

அரச நிறுவனங்களின் ஆலோசனைச் சேவைக் கேள்விப்பத்திரங்களுக்கு நிதி முன்மொழிவு தயாரிப்பது ஹட்டனில் இருந்துகொண்டு நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை. மனித மாதக் கட்டணத்தைப் பற்றி, அதாவது ஒருவரின் ஒரு மாத வேலைக்குக் கேட்கும் விலையைப் பற்றி, மதிப்பீட்டுக் குழுக்கள் மணிக்கணக்காகக் கேள்வி கேட்கின்றன. வாகனம், நாட்படி போன்று செலவழித்தபின் திருப்பித் தரப்படும் தொகைகளுக்கான மீளளிப்புச் செலவுப் படிவத்தை எவரும் புரட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. மலையகத்து வேலைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது படிவத்தில்தான் என்பது என் கருத்து.

முதலில் மனித மாதக் கட்டணம். ஒரு பொறியியலாளருக்கு மாதச் சம்பளம் 2 இலட்சம் ரூபாய் என்றால், கேள்விப்பத்திரத்தில் அவருக்கு ஏன் 4 இலட்சத்துக்கு மேல் கேட்கிறீர்கள் என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். சேமலாப நிதியத்துக்கு 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை ஆகியவற்றைச் சேர்த்தாலே தொகை 2.38 இலட்சமாகிவிடுகிறது. வருடத்தின் 260 வார நாட்களில் லீவும் பொது விடுமுறையும் போக ஏறத்தாழ 219 நாட்களுக்கே பில் போட முடியும், சம்பளமோ 260 நாளுக்கும் போகிறது. ஆகவே தொகை 2.83 இலட்சமாக உயர்கிறது. அலுவலக வாடகை, கணக்காளர், வெற்றி பெறாத கேள்விப்பத்திரங்களுக்குச் செலவழித்த நாட்கள் என்று சம்பளத்தின் பாதியை மேற்செலவாகவும், அதன்மேல் 10 சதவீதத்தை இலாபமாகவும் வைத்தால் 4.2 இலட்சம் வந்துவிடும். இந்தக் கணக்கை ஆவணங்களோடு காட்டிவிடலாம் என்பதால் இதில் பெரிய சண்டை வருவதில்லை. போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே சந்தையிலிருந்துதான் ஆட்களை எடுக்கிறோம். கட்டணங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே நிற்கும்.

வித்தியாசம் வருவது வாகனம், நாட்படி, மாதிரிப் பரிசோதனை ஆகியவற்றில். நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனங்களின் பெயர் வேண்டாம். மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயா பக்கத்தில் 24 தோட்டங்களின் குடிநீர்த் திட்டங்களை ஆராய்வதற்காக, வேலை செய்த மாதங்களுக்கேற்பப் பணம் கொடுக்கும் நேர அடிப்படையிலான ஒப்பந்தம் அது. மனித மாதங்களின் எண்ணிக்கையை அந்த அரச நிறுவனமே கேள்விப்பத்திரத்தில் குறிப்பிட்டிருந்ததால், எங்கள் நிறுவனமும் இன்னொன்றும் கட்டணமாக ஏறத்தாழ 120 இலட்சத்தையே போட்டிருந்தோம். மீளளிப்புச் செலவாக நாங்கள் 45 இலட்சம் எழுதினோம், அவர்கள் 22 இலட்சம் எழுதினார்கள்.

தோட்டத்துக்கு இரண்டு நாள் வீதம் 48 களநாட்கள், மழைக்காக இன்னும் 12 சேர்த்து 60 என்று எடுத்துக்கொண்டோம். மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை மழை எப்படிப் பெய்யும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேள்விப்பத்திரத்தில் ஜனவரி என்று எழுதிய வேலை, ஒப்பந்தம் கையொப்பமாகும்போது ஜூனுக்குப் போய்விடும் என்பதும் தெரியும். நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்புக்கு நாளொன்றுக்கு 22,000 ரூபாய் வீதம் 13.2 இலட்சம், ஐந்து பேருக்கு 5,000 ரூபாய் நாட்படி என்று 15 இலட்சம், தோட்டத்துக்கு மூன்று நீர்மூலம் வீதம் 72 மாதிரிகளுக்குத் தலா 12,000 ரூபாய் என்று 8.64 இலட்சம். மீதி அறிக்கை, மொழிபெயர்ப்பு, அச்சு.

அவர்களோ மாதம் 2,000 கிலோமீட்டர் எல்லையோடு வேன் ஒன்றை இரண்டு மாதத்துக்கு 5 இலட்சம் என்று போட்டிருந்தார்கள். சமதரையில் அது நல்ல கணக்கு. இங்கே ஹட்டனிலிருந்து மஸ்கெலியா இருபது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் மஸ்கெலியாவைத் தாண்டி மேல் டிவிஷன் லயத்துக்கு ஏறும் ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும், அதுவும் வேன் ஏறினால்தான். கிலோமீட்டரால் அளந்தால் மலைநாட்டு வாகனச் செலவு எப்போதும் குறைவாகவே தெரியும். நாளால் அளக்க வேண்டும். தோட்டத்துக்கு ஒரே ஒரு நீர் மாதிரி என்று பரிசோதனையையும் மூன்றில் ஒன்றாக்கியிருந்தார்கள். நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கான மாதிரி ஐஸ் பெட்டியில் 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேர வேண்டும். மேல் டிவிஷனில் பிற்பகலில் எடுத்த போத்தலைக் கண்டிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லையென்றால் SLS 614 குடிநீர் நியமத்தைப் பற்றி அறிக்கையில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

இப்போது புள்ளிக் கணக்கு. குறைந்த மொத்தத் தொகைக்கு 100 புள்ளி, மற்றவர்களுக்கு அதன் விகிதப்படி. அவர்களுடைய மொத்தம் 142 இலட்சம், எங்களுடையது 165 இலட்சம். எங்களுக்கு 86 புள்ளி. நிதிக்கு 20 சதவீத நிறை என்பதால் இறுதியில் 2.8 புள்ளி பின்தங்கினோம். அதை ஈடுகட்ட, 80 சதவீத நிறையுள்ள தொழில்நுட்ப மதிப்பீட்டில் அவர்களைவிட மூன்றரைப் புள்ளி கூட எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, தோற்றோம். இதைச் சொல்வது தோற்ற கோபத்தில் அல்ல, கொஞ்சம் கோபம் இருந்தாலும்.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்களில் வென்ற நிறுவனமே களப்பணியை ஒருங்கிணைக்க என்னை அழைத்தது. மூன்றாவது மாதத்தில் நாட்படிக்கான உச்சத்தொகை முடிந்தது. கூட்டித் தரும்படி கேட்டதற்கு, உங்கள் முன்மொழிவிலேயே நீங்கள் எழுதிய தொகைதானே, கணக்காய்வுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது என்று அரச நிறுவனத்தின் நிதிப் பிரிவு மறுத்துவிட்டது. அவர்கள் சொன்னதில் பிழையும் இல்லை. ஆனால் மனித மாதங்கள் அப்படியே மீதமிருந்தன, அவற்றுக்குப் பில் போடாவிட்டால் நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை.

ஜூலை மாத நேர அட்டையில் பொறியியலாளருக்குக் களத்தில் 18 நாட்கள் என்று இருந்தது. வேன் தினமும் ஓடிய தூரத்தைப் பதியும் அதே மாதத்து ரன்னிங் சார்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு நாட்கள்தான் வாகனம் ஹட்டன் நகரத்தைத் தாண்டியிருந்தது, மற்ற நாட்களில் ஆறு அல்லது எட்டுக் கிலோமீட்டர், அதாவது தங்குமிடத்திலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து சாப்பாட்டுக் கடை. எஞ்சிய தோட்டங்களின் தகவல்கள் தொலைபேசியில் தோட்டத்து வெல்ஃபெயார் உத்தியோகத்தர்களிடம் கேட்டு நிரப்பப்பட்டன. கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அரச பணம் போய்விட்டது, மேல் டிவிஷன் பீலியைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. சந்தேகமுள்ள எந்த அதிகாரியும் இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே நான் சொல்வது இதுதான். நேர அடிப்படையிலான ஒப்பந்தங்களில், களநாட்கள், வாகன நாட்கள், மாதிரிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை மனித மாதங்களைப் போலவே அரச நிறுவனமே நிர்ணயித்து, மீளளிப்புச் செலவை எல்லோருக்கும் ஒரே தற்காலிகத் தொகையாகக் கேள்விப்பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். போட்டி கட்டணத்திலும் தரத்திலும் நடக்கட்டும். பணம் முழுவதையும் செலவழித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்காக நாட்படிக்கும் வாகன நாளுக்கும் நிலையான அலகு விலை வைத்து, உண்மையில் போன நாட்களுக்கு மட்டும் ரன்னிங் சார்ட்டைப் பார்த்துக் கொடுக்கலாம். பற்றுச்சீட்டு மட்டுமே சாட்சி என்று நின்றால், தோட்டத்துக்குள் ஏற்றிவிடும் த்ரீவீல்காரரிடம் பில் புத்தகம் இருப்பதில்லை. முழு வேலைக்கும் ஒரே விலை பேசும் மொத்தத்தொகை ஒப்பந்தங்களுக்கு இந்த யோசனை பொருந்தாது; அங்கே அறிக்கையின் தரத்தைப் பார்த்துத்தான் பணத்தைப் பிடிக்க முடியும்.

அண்மையில் நுவரெலியாவில் நடந்த வேறொரு கேள்விப்பத்திர முன்கூட்டத்தில் இதை எழுத்தில் கேட்டேன். இரண்டு வாரத்தில் விளக்கக் கடிதம் வந்தது: மீளளிப்புச் செலவுகளைக் கேள்விதாரர்கள் தமது மதிப்பீட்டின்படி குறிப்பிடவும் என்று ஒரே வரி. இந்த முறையும் ஜீப்பை நாட்கணக்கிலேயே போட்டு அனுப்பியிருக்கிறோம்.