மறதி வளைகோடு: பரவும் படமும் உண்மையும்

நாட்கள் செல்லச் செல்ல நினைவில் நிற்பது எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோடே மறதி வளைகோடு. அதன் படத்துடன் பரவும் செய்தி: “படித்ததில் 70 சதவீதம் ஒரே நாளில் அழிந்துவிடும். 1, 7, 30-ஆம் நாட்களில் திருப்பிப் பார்த்தால் 100 சதவீதமும் ஆயுளுக்கும் மறக்காது. எபிங்ஹாஸ் நிரூபித்தது.”

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தது அழிவை அன்று. அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளின் வரிசைகளை மனப்பாடம் செய்து, மீண்டும் கற்கையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்றுதான் கணக்கிட்டார். ஒரு நாள் கழித்து அந்த மிச்சம் ஏறத்தாழ 34 சதவீதம். அதாவது முதலில் 1000 விநாடி பிடித்த பாடத்துக்கு மறுநாள் 660 விநாடி போதும். மீதி அழிந்தது என்று இதற்குப் பொருளில்லை. பொருள் புரிந்து படிக்கும் பாடத்துக்கு இதே எண் பொருந்தும் என்றும் கொள்ள முடியாது.

திருப்புதல் வளைகோட்டை உயர்த்துவது உண்மையே. 12 அசைகள் கொண்ட வரிசையை அவர் நாள்தோறும் மீண்டும் கற்றபோது, சராசரியாக முதல் நாள் 16.5 முறையும், மறுநாள் 11 முறையும், ஆறாம் நாள் 2.5 முறையும் படிக்க வேண்டியிருந்தது. தேவை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஆறாம் நாளிலும் பூச்சியத்தைத் தொடவில்லை. ‘1, 7, 30’ என்ற அட்டவணையும் அவருடையதன்று; எத்தனை காலம் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தே பொருத்தமான இடைவெளி மாறும் என்கின்றன பிற்கால ஆய்வுகள்.

அவரது நூலின் 7, 8-ஆம் அத்தியாயங்களில் இந்த எண்களைச் சரிபார்க்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர் குழுக்களில் அந்தப் படத்தை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.